கவுண்ட் இல்லாத மெயில்

ஒரு கல்யாண வீட்டில் பந்திக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். எங்கே வேலை என்று கேட்டேன். ஒரு ஸ்பின்னிங் மில்லின் பெயரைச் சொன்னான், நூல் மார்க்கெட்டிங் பிரிவில் உதவியாளர் என்றான். அந்த மில்லுக்கு நான் நான்கு முறை மெயில் போட்டு, ஒன்றுக்கும் பதில் வராமல் விட்டிருந்தேன். "உங்க கம்பெனி info@ மெயிலை யாரு தம்பி பார்க்குறாங்க?" என்றேன். "நான்தாங்கண்ணா" என்றான்.

என் மெயில் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. எப்படிப் பார்ப்பாய் என்று மட்டும் கேட்டேன். "கவுண்ட் என்ன போட்டிருக்காங்க, எத்தனை கிலோ, எந்த போர்ட்டுக்கு. அது இருந்தா சாருக்கு அனுப்புவேன். இல்லைன்னா டெலீட்டுங்கண்ணா. ஒரு நாளைக்கு நூறு வருது." கவுண்ட் என்பது நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் நம்பர்.

அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த முகவரி நூல் வாங்க வருகிறவர்களுக்காக வைத்தது. நாற்பதாம் நம்பர் கோம்டு நூல் கேட்காத எந்த மெயிலும் அங்கே குப்பைதான். நான் அனுப்பியதில் கவுண்டே இல்லை.

நான் செய்கிற தொழில் சின்னது. மில்களில் மெஷின்களுக்கு அழுத்தக் காற்று கொண்டுபோகும் கம்ப்ரஸ்டு ஏர் லைனில் எங்கெங்கே காற்று கசிகிறது என்று கண்டுபிடித்து, டேக் கட்டி, எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். கோயம்புத்தூரில் ஆபீஸ், நானும் இன்னொருவரும். 2018-ல் ஆரம்பித்த புதிதில், மில்களின் வெப்சைட்டிலிருந்து info@ முகவரிகளாக எடுத்து நாற்பது இடத்துக்கு ஒரே மெயிலை அனுப்பினேன். இரண்டு பதில் வந்தன. ஒன்று தானியங்கிப் பதில். இன்னொன்று, நூல் விலைப்பட்டியல்.

சரி, கீழே போட்டால் வேலைக்காகாது, மேலே போடுவோம் என்று அடுத்த தப்பைச் செய்தேன்.

அன்னூர் பக்கம் ஒரு மில். கம்பெனி விவகாரத் துறையின் எம்.சி.ஏ. தளத்தில் எந்தக் கம்பெனியின் டைரக்டர் பெயர்களையும் காசில்லாமல் பார்க்கலாம். எம்.டி.யின் பெயரை எடுத்து, மெயில் முகவரி தேடி, நேராக அவருக்கே எழுதினேன். "உங்கள் மில்லில் ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் காற்றாகக் கசிந்துகொண்டிருக்கலாம்" என்று ஆரம்பித்தது அந்த மெயில். எழுதியபோது ரொம்பப் பெருமையாக இருந்தது.

அது போன வழி எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எம்.டி. அதை ஜி.எம்.முக்கு அனுப்பியிருக்கிறார், மேலே இரண்டே வார்த்தை: "Pls check". ஜி.எம். அதை எலக்ட்ரிக்கல் மேனேஜருக்கும் பர்சேஸுக்கும் சேர்த்து அனுப்பினார். பர்சேஸ்காரர் வழக்கப்படி மூன்று கொட்டேஷன் கேட்டார். எலக்ட்ரிக்கல் மேனேஜர் அந்த மெயிலை எப்படிப் படித்திருப்பார்? முதலாளி கையிலிருந்து வந்த கடிதம், அவர் பொறுப்பில் இருக்கும் லைன் லட்சக்கணக்கில் கசிகிறது என்கிறது. எனக்கு அது விற்பனைக் கடிதம், அவருக்கு மெமோ. "எங்க லைன்ல கசிவு இல்ல, போன மாசம்தான் பார்த்தோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அதற்கப்புறம்தான் ஒரு மில்லுக்குள் முடிவு எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். பெரிய பதவி உள்ளவர் முடிவெடுப்பவர் என்பது பாதி உண்மைதான். என் மாதிரி வேலைக்கு மூன்று விஷயம் பார்க்க வேண்டியிருக்கிறது: கரண்ட் பில் யாருடைய தலையில் விழுகிறது, வேலை நடந்தால் நல்ல பெயர் யாருக்கு, அந்தத் தொகைக்கு யார் கையெழுத்துப் போட முடியும். எம்.டி.க்கு மூன்றாவது மட்டும் உண்டு. ஸ்பின்னிங் மாஸ்டருக்குக் காற்றழுத்தம் குறைந்தால், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில் அறுந்த நூலைக் காற்றால் இணைக்கும் ஸ்ப்ளைசிங் கெடும் என்ற கவலை உண்டு, ஆனால் யூனிட் கணக்கு அவருடையதல்ல. பர்சேஸுக்கு விலை மட்டும். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் போச்சு என்று மாதாமாதம் ஜி.எம்.முக்கு முன்னால் பதில் சொல்கிறவர் எலக்ட்ரிக்கல் தலைவர். சில மில்லில் அவர் மேனேஜர், சில மில்லில் ஏ.ஜி.எம்., சில சின்ன மில்லில் அது ஒரு சீனியர் எலக்ட்ரீசியனே. பதவியின் பெயரை வைத்துத் தேடினால் தவறிவிடும். அந்த யூனிட் கணக்கு யார் மேஜையில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

இதை வைத்து அடுத்த வருடம் திண்டுக்கல் பக்கம் இருந்த ஒரு மில்லைத் தேடிய கதையை முழுசாகச் சொல்கிறேன். பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனி, ஹெட் ஆபீஸ் வேறு ஊரில், மில் இங்கே. சுமார் முப்பதாயிரம் ஸ்பிண்டில், அதாவது நூல் நூற்கும் கதிர்கள்.

முதலில் எடுத்தது அவர்களுடைய ஆண்டறிக்கை. படம் போட்ட முன்பக்கங்களையும் சேர்மன் உரையையும் தாண்டி, டைரக்டர்கள் அறிக்கையின் இணைப்புகளுக்குப் போக வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 134-ஆம் பிரிவுப்படி, எரிசக்தியை மிச்சப்படுத்த அந்த ஆண்டு என்ன செய்தார்கள், அதற்கான கருவிகளில் எவ்வளவு முதலீடு என்று அதில் எழுதியே ஆக வேண்டும். சின்ன கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. பல பேர் போன வருட வரிகளையே ஒட்டி வைப்பார்கள், அதுவும் ஒரு தகவல்தான்: அங்கே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலாகாத கம்பெனி என்றால், எம்.சி.ஏ. தளத்தில் 100 ரூபாய் கட்டி அவர்கள் தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம்.

இந்த மில்லின் இணைப்பில் இரண்டு வரி புதிதாக இருந்தது. விளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்றியிருந்தார்கள். ஒரு ஏர் கம்ப்ரஸருக்கு வி.எஃப்.டி. போட்டிருந்தார்கள். இரண்டாவது வரியைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வி.எஃப்.டி. என்பது காற்றின் தேவைக்கு ஏற்ப மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. நல்ல கருவிதான். ஆனால் கசிவும் அதற்கு ஒரு தேவைதான். பழைய மெஷினாக இருந்தால், காற்றை அடைக்கும் லோடு, சும்மா ஓடும் அன்லோடு என்று மாறி மாறி ஓடும்போது, மில் நின்ற நேரத்திலும் அடிக்கடி லோடு எடுக்கிறதே என்று யாராவது கவனிப்பார்கள். வி.எஃப்.டி. மெஷின் சத்தமில்லாமல் கொஞ்சம் வேகம் கூட்டிக் கசிவுக்கும் காற்றை ஊட்டிக்கொண்டே இருக்கும். ஆக, பணம் போட்டு ஒரு வேலை செய்திருக்கிறார்கள், அதன் முழுப் பலன் கிடைக்கிறதா என்று சந்தேகப்பட ஒரு ஆள் அங்கே இருக்கிறார். அந்த வி.எஃப்.டி.க்குப் பரிந்துரை எழுதியவர்தான் எனக்கு வேண்டிய ஆள்.

அவர் யார்? எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ன் கீழ், ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தி செலவழிக்கும் ஜவுளி ஆலைகள் ஒரு எனர்ஜி மேனேஜரை நியமிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆலை என்றால் யாரைக் கேட்பது என்ற கேள்வியே கிடையாது. ஆனால் அது முழுவதும் கரண்டாக இருந்தால் கிட்டத்தட்ட மூன்றரைக் கோடி யூனிட். முப்பதாயிரம் ஸ்பிண்டில் மில் அந்தப் பக்கமே வராது. அந்த வழி அடைபட்டது.

உதவியது ஒரு பழைய வேலை விளம்பரம். உதவி எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் தேவை என்று ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு வரி: ஏ.ஜி.எம். எலக்ட்ரிக்கலுக்குக் கீழ் வேலை, அவர் யூனிட் ஹெட்டுக்குக் கீழ். வேலை விளம்பரம் என்பது கம்பெனி தன் உள் அமைப்பைத் தானே வெளியில் ஒட்டி வைப்பது மாதிரி. யாருக்கு யார் ரிப்போர்ட் செய்கிறார்கள் என்று இதைவிடத் தெளிவாக வேறெங்கும் கிடைக்காது. அப்புறம் கூகுளில் இப்படித் தேடினேன். கம்பெனி பெயரை மேற்கோளுக்குள் போட வேண்டும்:

```
site:linkedin.com/in "company name" electrical dindigul
```

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் 2015-லேயே போய்விட்டார், ஆனால் பக்கத்தை மாற்றவில்லை. ஒருவர் வேறு யூனிட். மூன்றாமவர் பொருந்தினார். பொருந்துகிறார் என்பதற்காக அவர் இன்னும் அங்கே இருக்கிறார் என்று அர்த்தமில்லை. மில் லைனில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உறுதி செய்ய நான் கூப்பிட்டது, அந்தப் பகுதியில் கம்ப்ரஸர் சர்வீஸ் பார்க்கும் ஒரு இன்ஜினியரை. மாதம் ஒரு முறை உள்ளே போகிறவர் அவர். "அவர் இருக்காருங்க. வி.எஃப்.டி. போட்டதே அவர் சொல்லித்தான். ஆனா என் பேரைச் சொல்லிராதீங்க" என்றார். சொல்லவில்லை. இந்த மாதிரி ஆள் தரும் தகவலை மெயிலில் ஒரு சாயலாகக்கூடக் காட்டக் கூடாது, அவருக்கு அந்த வாசல் அடைபட்டுவிடும்.

மெயில் முகவரிக்கு வருகிறேன். பெயரும் குடும்பப் பெயரும் சேர்த்து யூகித்துக்கொள்ளலாம் என்று வெளிநாட்டுக்காரர்கள் எளிதாகச் சொல்வார்கள். நம் ஊரில் இனிஷியல் என்று ஒன்று இருக்கிறது. கே. செந்தில்குமார் என்றால் k.senthilkumar, senthilkumar.k, senthilkumark, வெறும் senthil, நடுவில் th-ஆ dh-ஆ என்று ஒரு ஊருக்கே முகவரி வரும். எல்லாவற்றையும் யூகித்து ஒரே மெயிலை எட்டு முகவரிக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஏழு திரும்பி வரும், நம் டொமைனின் மேல் சந்தேகம் விழும், எட்டாவது ஸ்பாமில் போய் உட்காரும். திரும்பி வராததை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில சர்வர்கள் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும்.

நான் மில்லுக்கே போன் செய்தேன். வெப்சைட்டில் இருக்கும் நம்பர் டைம் ஆபீஸுக்குப் போகும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்குக்கும் ஷிப்ட் மாறும் நேரம், அப்போது கூப்பிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். பதினொரு மணி வாக்கில் கூப்பிட்டேன்.

"வணக்கங்க. கோயம்புத்தூர்ல இருந்து பேசுறேன், கம்ப்ரஸர் லைன் ஆடிட் செய்யற கம்பெனி. எலக்ட்ரிக்கல் ஏ.ஜி.எம். சாருக்கு ஒரு லெட்டர் மெயில்ல அனுப்பணும். ஸ்பெல்லிங் தப்பாப் போயிடக் கூடாது, சொன்னீங்கன்னா எழுதிக்குவேன்."

"சார்கிட்ட பேசணுங்களா?"

"இப்ப வேண்டாங்க, லெட்டர் பார்த்துட்டு அவர் கூப்பிட்டா போதும்."

எழுத்து எழுத்தாகச் சொன்னார். லைனைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் நான்கு கேள்வி வந்திருக்கும். முகவரி மட்டும் கேட்டால், அதுவும் யார் என்று உள்ளபடி சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். செல் நம்பர் கேட்கவில்லை. தெரியாத ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்து நிற்பது எனக்கே பிடிக்காது.

இனி மெயில். ஏப்ரல் நடுவில் அனுப்பினேன், மே தினத்தை மனதில் வைத்துத்தான். ஸ்பின்னிங் மில் வருடம் முழுவதும் ஓடும், எல்லா மெஷினும் ஒன்றாக நிற்பது பொங்கல், தீபாவளி, மே ஒன்று மாதிரி சில நாட்களில்தான். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

"ஐயா, உங்கள் ஆண்டறிக்கையில் ஒரு கம்ப்ரஸருக்கு வி.எஃப்.டி. பொருத்தியதாகப் படித்தேன். அந்த மெஷின் ஓடும்போது லைன் கசிவு லோடு, அன்லோடு நேரத்தில் தெரியாது. மே 1 அன்று மில் நிற்கும்போது, வி.எஃப்.டி. மெஷினை நிறுத்திவிட்டு, பழைய ஃபிக்ஸட் ஸ்பீட் மெஷினை மட்டும் லைனில் விட்டு, ஐந்தாறு சுற்றுக்கு லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் குறித்துப் பாருங்கள். லோடு நேரத்தை, இரண்டு நேரத்தின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவின் பங்கு கிடைக்கும். பத்து சதவீதத்துக்குக் கீழ் வந்தால் உங்களுக்கு எங்கள் வேலை தேவையில்லை. மேலே வந்தால் பேசலாம்."

கீழே பெயர், போன் நம்பர். அவ்வளவுதான். பிரௌஷர் இல்லை, விலை இல்லை, யாருக்கும் நகல் இல்லை. தலைப்பில் "VFD கம்ப்ரஸர்: மே 1 கசிவுச் சோதனை" என்ற பொருளில் ஒரு வரி.

அன்னூர் மெயிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அதில் நான் அவர் தப்பை அவர் முதலாளியிடம் சொன்னேன். இதில் அவர் செய்த நல்ல வேலையிலிருந்து ஆரம்பித்து, அவரே தனியாகச் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுத்தேன். முடிவு மோசமாக வந்தாலும் முதலில் தெரியப்போவது அவருக்குத்தான். மேலே எப்படிக் கொண்டுபோவது என்பது அவர் கையில்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு ஞாபகமூட்டல் போட்டிருக்கலாம். போடவில்லை, ஏனென்றால் மே ஒன்று இன்னும் வரவில்லை. மே 3 அன்று மதியம் போன் வந்தது. "சுமாரா ரெண்டு நிமிஷம் லோடு, ஆறு நிமிஷம் அன்லோடு. இருபத்தஞ்சு பர்சன்ட் வருதே, சரிதானா?" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

சரிதான். 500 சி.எஃப்.எம். மெஷின், அதாவது நிமிடத்துக்கு 500 கன அடி காற்று. அதில் கால் பங்கு 125 சி.எஃப்.எம். ஒரு சி.எஃப்.எம்.முக்கு 0.18 கிலோவாட் என்று வைத்தால் இருபத்திரண்டரை கிலோவாட். வருடத்துக்கு 8,400 மணி நேரம் ஓடினால் 1,89,000 யூனிட். யூனிட் ஏழரை ரூபாய் என்று வைத்தாலும் பதினான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. முழுசையும் அடைக்க முடியாது. பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எட்டரை லட்சம் மிச்சம். போனிலேயே கணக்கைச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்.

முழு மில்லுக்கும் என் விலை 1,60,000 ரூபாய். அவர் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சொன்னார், "ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா யூனிட் ஹெட் டேபிள்ல முடிஞ்சிரும். மேல போனா ஹெட் ஆபீஸ் கமிட்டி, ரெண்டு மாசம்." எல்லாக் கம்பெனியிலும் இப்படி ஒரு வரம்பு இருக்கும், எந்தப் பதவி எவ்வளவுக்குக் கையெழுத்துப் போடலாம் என்று. அது வெளியில் எங்கும் கிடைக்காது, சரியான ஆளிடம் பேசினால்தான் தெரியும்.

இந்த இடத்தில் சிலர் ஒரே வேலையை இரண்டு பில்லாக உடைத்துக் கொடுப்பார்கள். செய்யக் கூடாது. உள் தணிக்கையாளர்கள் முதலில் தேடுவதே அதைத்தான், மாட்டுவது நாம் அல்ல, நமக்கு உதவிய மனிதர். நான் வேலையையே குறைத்தேன். கம்ப்ரஸர் அறை, மெயின் லைன், ஆட்டோகோனர் பிரிவு மட்டும், 85,000 ரூபாய். கசிவில் பெரும்பங்கு எப்படியும் ஆட்டோகோனர் பக்கம்தான் இருக்கும். மற்றப் பிரிவுகள் வேண்டுமா என்று இதன் முடிவைப் பார்த்துவிட்டுக் கமிட்டிக்கு எழுதட்டும்.

பர்சேஸைத் தாண்டிப் போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர்கள் வந்தார்கள். வெண்டர் கோடு போட ஜி.எஸ்.டி. சான்றிதழ், பான், உத்யோக் ஆதார், ரத்து செய்த காசோலை எல்லாம் கேட்டார்கள். மூன்று கொட்டேஷனும் கேட்டார்கள். ஆனால் இந்த முறை எலக்ட்ரிக்கல் தரப்பிலிருந்து என்ன வேலை, எப்படி அளக்க வேண்டும், எந்தக் கருவி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், மீட்டரே இல்லாதவர்கள் விலை போட முடியாதபடி. ஐயாயிரம் குறைக்கச் சொன்னார் பர்சேஸ்காரர், குறைத்தேன். அவருக்கும் ஒரு கணக்கு காட்ட வேண்டுமல்லவா.

மொத்தம் 140 கசிவுக்கு டேக் கட்டினோம். பாதிக்கு மேல் புஷ் ஃபிட்டிங்கும் பழைய ஹோஸ் க்ளிப்பும். தீபாவளிக்கு மில் நின்றபோது அவர் மறுபடி நேரம் குறித்தார், பதினொரு சதவீதம்.

அந்த மனிதருக்கு அடுத்த பொங்கலுக்கு ஒரு வாழ்த்தும் மற்றப் பிரிவுகளுக்கான கொட்டேஷனும் அனுப்பினேன். மெயில் திரும்பி வந்தது, 550 5.1.1, அப்படி ஒரு பயனர் இல்லை என்று. டைம் ஆபீஸுக்குப் போன் செய்தேன். "சார் டிசம்பர்லயே போயிட்டாருங்க. ராஜபாளையத்துல ஒரு மில்லுல சேர்ந்திருக்காருன்னு சொன்னாங்க. இப்ப புது சார் வந்திருக்காரு, ஸ்பெல்லிங் சொல்லட்டுங்களா?"

சொல்லுங்க என்று பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் ராஜபாளையம் மில்லின் பெயரையும் கேட்டுக் கீழேயே குறித்துக்கொண்டேன்.